அம்புக்குறிக் கட்டத்தை எங்கிருந்து நிரப்பத் தொடங்குவது?

எங்கள் ஊர் வாசகசாலைப் பலகையில் மாதம் ஒரு அம்புக்குறிக் குறுக்கெழுத்து வரைந்து ஒட்டுகிறேன். ஒட்டத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எண்ணே இல்லையே, எங்கிருந்து தொடங்குவது?" போன வாரம் தக்கலையிலிருந்து வந்த ஒரு அக்கா இன்னும் தெளிவாகக் கேட்டார். மேல் மூலையில் தொடங்கி வரிசையாகப் போகவா, தெரிந்ததை எல்லாம் முதலில் எழுதிவிடவா, இல்லை ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட்டுத் தொட்டுப் போகவா? மூன்றையும் செய்து பார்த்தாராம், மூன்றிலும் பாதியில் நின்றுவிட்டாராம். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்த வகையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பழகிய குறுக்கெழுத்தில் கட்டம் ஒரு பக்கம், 'இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்' என்று குறிப்புகள் ஒரு பக்கம் இருக்கும். சுவீடன், பிரான்ஸ் பக்கம் பரவலாக இருக்கும் அம்புக்குறி வகையில் கறுப்புக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் குறிப்பே உட்கார்ந்திருக்கும். பக்கத்திலுள்ள அம்பு, விடை எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும். எத்தனை எழுத்து என்றும் எழுதியிருக்காது. அடுத்த குறிப்புக் கட்டம் வரைக்கும் அல்லது கட்டத்தின் விளிம்பு வரைக்கும் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சினன் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கொண்டுவந்து போட்டான். மொழி தெரியாவிட்டாலும் அமைப்பு பிடித்துப்போய்த் தமிழில் வரையத் தொடங்கினேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மூன்று அளவுகோல் போதும்.

முதலாவது, கண்ணுக்கு எவ்வளவு வேலை. குறிப்புகள் கட்டம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால், விட்ட குறிப்பைத் திரும்பத் தேடுவது இங்கே பெரிய செலவு. 'பதினான்கு கீழ்' என்று விரல் வைத்துப் போக வழி இல்லை.

இரண்டாவது, தப்பு எவ்வளவு சீக்கிரம் தெரியும். இதுதான் முக்கியமானது. குறிப்புக் கட்டம் சின்னது, அதில் இரண்டு மூன்று சொல்தான் அடங்கும். அதனால் 'நெருப்பு', 'பங்கு' என்று ஒரு சொல்லே குறிப்பாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விடை பொருந்தும். குறிப்பு இப்படி மொட்டையாக இருப்பதற்கு ஈடாகக் கட்டம் உதவுகிறது. பிரிட்டிஷ் பாணி எண் கட்டத்தில் ஏறத்தாழ பாதி எழுத்துகளுக்குக் குறுக்கே வேறு சொல் கிடையாது. அம்புக்குறி வகையில் அனேகமாக எல்லா எழுத்துக்கும் குறுக்கே ஒரு சொல் உண்டு. அந்த உதவியை எந்த வழி சீக்கிரம் வாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எவ்வளவு அழிக்க வேண்டிவரும். சிரிக்காதீர்கள். சின்னக் கட்டத்தில் 'ண்', 'ழ' எல்லாம் எழுதி இரண்டு தடவை அழித்தால் தாள் கிழிந்துவிடும்.

## ஒரே கட்டத்தில் மூன்று வழி

பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு கட்டத்தைப் போட்டே பார்த்துவிடலாம். ஒன்பது எழுத்து, ஆறு சொல், எல்லாம் மூன்றெழுத்து. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம்.

| | பங்கு ↓ | நெருப்பு ↓ | மாத்திரை ↓ |
|---|---|---|---|
| தேர்தல் தருவது → | | | |
| ஊதுவது → | | | |
| நடராசர் ஊர் → | | | |

கீழே போகுமுன் நீங்களே ஒரு தடவை முயன்று பாருங்கள். விடை எல்லாம் அடுத்து வருகிறது.

## வழி 1: மேல் மூலையிலிருந்து வரிசையாக

பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை நிரப்பிய பழக்கம் இது. முதல் வரிசை: தேர்தல் தருவது? வெற்றி. வெ, ற், றி, மூன்றெழுத்து, சரி. இரண்டாவது: ஊதுவது? சங்கு. அதுவும் மூன்றெழுத்து. மூன்றாவது: நடராசர் ஊர்? சிதம்பரம் ஆறு எழுத்து, அடங்காது. அப்படியானால் தில்லை.

நன்றாகத்தான் போகிறது. இப்போது மேலிருந்து கீழே பார்த்தால் முதல் நெடுவரிசையில் வெ, ச, தி என்று நிற்கிறது. 'பங்கு' என்ற குறிப்புக்கு 'வெசதி'! ஏதோ தப்பு. ஆனால் எது தப்பு? வெற்றியா, சங்கா, தில்லையா? தெரியாது. மூன்று சொல் எழுதி முடிந்து நாலாவது குறிப்புக்கு வந்த பிறகுதான் தப்பு வெளியே வருகிறது, வந்தாலும் யார் மேல் என்று சொல்வதில்லை. இதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு. ஒரே திசையில் போவதால், எழுதும் எந்தச் சொல்லும் மற்றச் சொல்லைத் தொடுவதில்லை. அதனால் ஒன்றை ஒன்று சோதிப்பதும் இல்லை.

வெற்றியை எழுதும்போதே அது தப்பு என்று கட்டம் சொல்லியிருக்கும், கேட்கத் தெரிந்திருந்தால். முதல் வரிசையின் இரண்டாவது கட்டத்துக்கு மேலே 'நெருப்பு ↓' நிற்கிறது. அங்கே ஒரு சொல் தொடங்குகிறது என்று அர்த்தம். 'ற்' என்று தமிழில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே வெற்றி கிடையாது, அவ்வளவுதான். புள்ளி வைத்த எழுத்து எதுவுமே சொல்லுக்கு முதலில் வராது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது. டீ, லாரி, ரயில் போன்றவை புழங்குவதால் ட, ல, ர மூன்றையும் மட்டும் உறுதியாகத் தள்ள முடியாது. அம்பு விடையின் திசையைக் காட்டுவதோடு, எந்தக் கட்டத்தில் சொல் பிறக்கிறது என்றும் காட்டுகிறது. இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்து என்று மனப்பாடம் செய்ததற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இதற்கு ஜோடியாக இன்னொன்றும் உண்டு. அ, ஆ முதலான உயிரெழுத்துகள், அளபெடையை விட்டால், சொல்லுக்கு முதலில் மட்டுமே வரும். அதனால் ஒரு கட்டம் ஒரு சொல்லுக்கு முதலாகவும் இன்னொரு சொல்லுக்கு நடுவாகவும் இருந்தால், அதில் உயிரெழுத்து வரவே முடியாது. 'தாய்' என்று குறிப்பு இருந்து, முதல் கட்டத்தின் வழியாகக் குறுக்கே வேறொரு சொல் ஓடினால், அம்மாவும் அன்னையும் அடிபட்டுப் போகும். ஜனனியை யோசிக்கலாம்.

சரி, வரிசையாகப் போவது எப்போது நல்லது? சின்னப் பிள்ளைகளுக்கு. ஒரு குறிப்பும் விட்டுப்போகாது, தேடல் இல்லை. பார்வை மங்கியவர்களுக்கும் இதுவே சுகம். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்கலாம். ஆனால் பென்சில்தான், அதுவும் மெல்லிசாக.

## வழி 2: தெரிந்ததை எல்லாம் முதலில்

முழுக் கட்டத்தையும் ஒரு தடவை மேய்ந்து, சந்தேகமே இல்லாததை மட்டும் எழுதுவது. நம் சின்னக் கட்டத்தில் இப்படிப் போனால் 'தில்லை' ஒன்றுதான் தேறும். நெருப்புக்கு தழல், தணல், கனல், அனல், அழல் என்று ஐந்து உண்டு, ஐந்தும் மூன்றெழுத்து, ஐந்தும் 'ல்' முடிவு. மாத்திரைக்கு வில்லையும் பொருந்தும், குளிகையும் பொருந்தும். நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் குளிகை என்றுதான் முதலில் வாயில் வரும். பங்கு என்றால் பாகமா, பகுதியா? இப்படி ஐந்தையும் விட்டுவிடுவோம். ஒரு சொல் எழுதியாயிற்று, அழிப்பு இல்லை, ஆனால் வேலை பாதிக்குமேல் மிச்சம்.

நான் பலகையில் ஒட்டும் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் குறிப்புகள் முப்பதைத் தாண்டும். இந்த வழியில் அவற்றை ஒரு தடவை படித்து ஏழெட்டு எழுதுகிறோம். மறுபடி எல்லாவற்றையும் படிக்கிறோம், எது எழுதியது எது எழுதாதது என்று கண் அலைகிறது. இதற்கு ஒரு மருந்து உண்டு. எழுதி முடித்த குறிப்பின் கட்டத்தில் மூலைக்கு மூலை ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு குறிப்பு இருந்தால் முடிந்த பாதியில் மட்டும். இதைச் செய்யாமல் வழி 2-ஐ எடுப்பது வீண்.

இன்னொரு செலவு, இப்படித் தனித்தனியாக எழுதிய சொல்லுக்குச் சாட்சி இல்லை. 'சந்தேகமே இல்லை' என்பது நம் எண்ணம்தானே. இங்கேதான் நம் ஊர்ப் பேச்சு காலை வாரும். 'சக்கை' என்று குறிப்பு, விடை இரண்டெழுத்து. நமக்குக் கண்ணை மூடிக்கொண்டு பலா. கட்டம் வரைந்தவர் திருச்சிக்காரரோ மதுரைக்காரரோ என்றால் அவர் நினைத்தது கரும்பு பிழிந்த மிச்சம், விடை கோது. இரண்டும் இரண்டெழுத்து, கட்டம் மறுப்பு சொல்லாது.

ஆனாலும் சில இடத்தில் இதுவே சிறந்த வழி. பேருந்தில் நின்றுகொண்டு செய்கிறீர்கள் என்றால், எடுத்துவைத்து எடுத்துவைத்து செய்கிறீர்கள் என்றால், எந்த இடத்தில் விட்டோம் என்று நினைவு வைக்கத் தேவையில்லாத வழி இது ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் இதுதான். எங்கள் வாசகசாலை பெஞ்சில் ஓய்வுபெற்ற ஒரு சாரும் டீச்சரும் தாளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாதியை மேய்வார்கள். நடுவில் சந்திக்கும் கோட்டில்தான் சண்டை.

## வழி 3: ஒரு சொல்லிலிருந்து பரவுவது

ஒரே ஒரு உறுதியான சொல்லை நட்டுவிட்டு, அதைத் தொடும் சொல்லை மட்டுமே அடுத்து எடுப்பது. நம் கட்டத்தில் செய்து பார்ப்போம்.

வித்து: தில்லை. கடைசி வரிசையில் தி, ல், லை.

'தி'யில் முடிவது 'பங்கு'. கடைசி எழுத்து தி என்றால் பாகம் போயிற்று, பகுதி வந்தது. இப்போது முதல் நெடுவரிசை ப, கு, தி.

'கு'வில் தொடங்குவது 'ஊதுவது'. சங்கு போயிற்று, குழல். இரண்டாவது வரிசை கு, ழ, ல்.

அடுத்து நெருப்பு. நடுவில் ழ, கடைசியில் ல். ஐந்தில் தணல், கனல், அனல் மூன்றும் விழுந்தன. மிச்சம் தழலும் அழலும். முதல் கட்டம் முதல் வரிசைச் சொல்லுக்கு நடுவெழுத்து, அங்கே 'அ' வராது. ஆகவே தழல்.

மாத்திரை: நடுவில் ல், கடைசியில் லை. குளிகை போயிற்று, வில்லை.

முதல் வரிசையைப் பாருங்கள். ப, த, வி என்று தானாக நிரம்பி நிற்கிறது. 'தேர்தல் தருவது' பதவி. வழி 1-இல் நம்மைக் கவிழ்த்த குறிப்புக்கு இங்கே பதில் யோசிக்கவே இல்லை, சரிபார்க்க மட்டும் படித்தோம்.

| ப | த | வி |
|---|---|---|
| கு | ழ | ல் |
| தி | ல் | லை |

ஆறு சொல், ஒரு அழிப்பும் இல்லை. தமிழில் இந்த வழி இவ்வளவு நன்றாக வேலை செய்யக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் 26-இல் ஒன்று வரும். நமக்கு உயிர்மெய்யும் மெய்யும் சேர்த்து இருநூற்றுக்கு மேல் இருப்பதில் ஒன்று. சொல்லும் மூன்று நான்கு கட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் குறுக்கே கிடைக்கும் ஒரே எழுத்து ஐந்து விடையை இரண்டாகக் குறைத்துவிடும், சில நேரம் ஒன்றாகவே.

இதன் மறைமுகச் செலவு வித்துதான். வித்து தப்பினால் அதைத் தொட்ட எல்லாம் தப்பும். அதுவும் மெதுவாக, இரண்டு மூன்று சொல் பொருந்துவது போலப் பொருந்தி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தெழுத்து, குறிப்பு 'கிழங்கு'. நம் ஊர்க்காரன் வேறு என்ன எழுதுவான்? மரச்சீனி. ம, ர, ச், சீ, னி. முதல் எழுத்தைத் தொட்ட சொல் 'ம' சரி என்றது, இரண்டாவதைத் தொட்டதும் 'ர' சரி என்றது. இரண்டு சாட்சி கிடைத்த தைரியத்தில் பேனாவால் எழுதி, அங்கிருந்து பரவி, அந்த மூலை முழுக்க சிக்கலாகி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விடை மரவள்ளி. அதுவும் ம, ர என்றுதான் தொடங்குகிறது, அதுவும் ஐந்தெழுத்து. பக்கத்தில் இருந்த சார் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, உனக்குச் சாட்சி சொன்ன ரெண்டு பேரும் அவனுக்கும் சாட்சியாக்கும்." மூன்றாவது கட்டத்துக்கு மேலே ஒரு அம்பு கீழ்நோக்கி நின்றிருந்தது. 'ச்' என்று சொல் தொடங்குமா என்று ஒரு நொடி பார்த்திருந்தால் போதும்.

ஆகவே வித்தாக எடுக்கும் சொல்லுக்கு இரண்டு குணம் வேண்டும். மாற்றுச் சொல் இருக்கக் கூடாது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஆற்றின் பெயர் நல்லது, பயிர்ப்பெயரும் சமையல்கட்டுச் சொல்லும் ஆபத்து. அடுத்து, அதன் எழுத்துகளில் சிலவாவது வேறு சொல்லுக்கு முதலெழுத்தாக அமைய வேண்டும். முதலெழுத்து கிடைத்த சொல் சீக்கிரம் பிடிபடும். கடைசி எழுத்து 'ம்' என்று மட்டும் தெரிந்தால் அதனால் பெரிய பயன் இல்லை, தமிழில் ஏராளமான பெயர்ச்சொல் அதில்தான் முடிகிறது.

இன்னொரு பொறி வளைந்த அம்பு. குறிப்புக் கட்டத்திலிருந்து வலப்பக்கம் கிளம்பிக் கீழே மடங்கும் அம்பு என்றால், விடை வலப்பக்கத்துக் கட்டத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி ஓடும். அவசரத்தில் வலப்பக்கமாகவே எழுதிவிடுவோம். கட்டங்களை எண்ணிவிட்டு எழுதினால் பெரும்பாலும் நீளம் இடித்துக் காட்டிக் கொடுக்கும். பரவும் வழியில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் எண்ண வேண்டும், ஏனென்றால் திசை மாறிய ஒரு சொல் ஐந்தாறு சொற்களுக்குப் பொய்ச் சாட்சி சொல்லும்.

## பக்கத்தில் பக்கமாக

| | வரிசையாக | தெரிந்தது முதலில் | பரவுவது |
|---|---|---|---|
| கண் வேலை | குறைவு | மிக அதிகம், கோடு போட்டால் குறையும் | நடுத்தரம் |
| தப்பு எப்போது தெரியும் | நாலாவது குறிப்பில், யார் மேல் என்று தெரியாமல் | பக்கத்துச் சொல் எழுதும்வரை தெரியாது | வித்து சரியானால் அடுத்த சொல்லிலேயே; வித்து தப்பினால் மிகத் தாமதமாக |
| நம் கட்டத்தில் அழிப்பு | இரண்டு சொல்லாவது | இல்லை, ஆனால் ஐந்து சொல் மிச்சம் | இல்லை |
| யாருக்கு | பிள்ளைகள், பார்வை குறைந்தவர்கள் | பயணம், இரண்டு பேர் | உட்கார்ந்து செய்ய நேரம் உள்ளவர்கள் |

என்னைக் கேட்டால் வழி 3 பக்கம்தான் நிற்பேன். ஆனால் அதற்கு வித்து வேண்டும், வித்தைத் தேட வழி 2-இல் கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டும். தக்கலை அக்கா பாதியில் நின்றது இந்த இடத்தில்தான் என்று அவர் தாளைப் பார்த்ததும் தெரிந்தது. மேய்ந்து எட்டுச் சொல் எழுதியிருந்தார், எட்டும் ஒன்றையொன்று தொடாமல் நாலா மூலையில் கிடந்தன. பரவத் தொடங்கியபோது எட்டில் எதை நம்புவது என்று தெரியாமல் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பரவியிருக்கிறார். மேயும்போது இரண்டு மூன்று வித்து கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டும். அவற்றில் ஊர்ப்பெயர் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, அந்த மூலை அடைபடும் வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும். அடைபட்டால், அதாவது தொடக்கூடிய சொல் எதுவும் ஓடவில்லை என்றால், அடுத்த வித்துக்குப் போகலாம்.

இரண்டு பகுதியும் சந்திக்கும் இடத்தில் எழுத்து முட்டினால், கடைசியாக எழுதியதை அழிப்பதுதான் எல்லோருக்கும் வரும் கை. நான் முதலில் இரண்டு பகுதியின் வித்தையும் பார்ப்பேன். எதற்கு மாற்றுச் சொல் அதிகமோ அந்தப் பக்கத்தை அழிப்பேன். அக்காவின் தாளில் அப்படிப் பார்த்தபோது ஒரு பக்கம் 'தாமிரபரணி', இன்னொரு பக்கம் 'விளக்கு' என்ற குறிப்புக்கு 'தீபம்'. தீபத்தை அழித்து 'அகல்' போட்டுப் பார்த்தார். முதல் கட்டத்தின் நடுவே குறுக்கே ஒரு சொல் ஓடியது, 'அ' நிற்காது. மறுபடி அழித்தார். அடுத்து 'சுடர்' போட்டார். மூன்றெழுத்தும் நின்றது.